விலக்கிய செயலியும் விபிஎன் வழியே போகிறதா? ஆண்ட்ராய்டில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

யாழ்ப்பாணத்தில் பலருடைய போனில் விபிஎன் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வெளிநாட்டு அலுவலகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் அலுவலகம் கொடுத்த டனலை, அதாவது விபிஎன் போடும் தனி இணையப் பாதையை வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் 2018 மார்ச்சிலோ 2019 ஏப்ரலிலோ 2022 ஏப்ரலிலோ சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டபோது இறக்கியதை அப்படியே விட்டிருக்கிறார்கள். இரு தரப்புக்கும் பிறகு வருகிற தொல்லை ஒன்றுதான். விபிஎன் ஓடும்போது வங்கிச் செயலி முரண்டு பிடிக்கிறது. யூடியூப் பக்கேஜ் போட்டிருந்தும் பொது டேட்டா கரைகிறது. அதனால் சில செயலிகளை மட்டும் டனலுக்கு வெளியே விட நினைக்கிறார்கள்.

அதற்கான வசதி ஆண்ட்ராய்டு 5.0 முதலே இருக்கிறது. பட்டியலில் செயலியைத் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும், ஆனால் பல தடவை முடிவதில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஆண்ட்ராய்டு, திரையில் எந்தச் செயலி தெரிகிறது என்று பார்ப்பதில்லை. இணைய இணைப்பைத் திறந்தது யார் என்றுதான் பார்க்கிறது. நிறுவும்போது ஒவ்வொரு செயலிக்கும் யூஐடி என்ற ஓர் எண் கொடுக்கப்படுகிறது. டனலுக்குள் எது, வெளியே எது என்ற தீர்ப்பு முழுவதும் அந்த எண்ணை வைத்துத்தான். கீழே வரும் அறிகுறிகள் பலவற்றுக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

வயர்கார்ட் செயலியை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். மற்ற விபிஎன் செயலிகளில் இதே வசதி `Split tunneling` என்றோ `Allowed Apps` என்றோ இருக்கும். பெயர் வேறானாலும் அடியில் எல்லாமே ஆண்ட்ராய்டின் அதே ஏற்பாட்டைத்தான் பயன்படுத்துகின்றன.

முதலில்: எந்தப் பட்டியல்?

வயர்கார்டில் டனலின் பெயரைத் தொட்டு, பென்சில் அடையாளத்தை அழுத்தினால் `All Applications` என்ற பொத்தான் இருக்கும். அதற்குள் `Exclude`, `Include only` என்று இரண்டு பக்கங்கள். முதலாவதில் குறித்தவை டனலுக்கு வெளியே போகும், மற்றெல்லாம் உள்ளே. இரண்டாவதில் குறித்தவை மட்டும் உள்ளே, மற்றெல்லாம் வெளியே. இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க முடியாது. ஆண்ட்ராய்டே அதை அனுமதிப்பதில்லை.

அலுவலக வேலைக்காக விபிஎன் வைத்திருப்பவர்கள் `Include only` பக்கத்தையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலைக்குத் தேவைப்படுவது இரண்டு மூன்று செயலிகள்தான். நாளைக்குப் புதிதாக ஒரு வங்கிச் செயலியை இறக்கினால் அது தானாகவே வெளியே நிற்கும். `Exclude` பட்டியலில் அதே புதுச் செயலி தானாக உள்ளே போய்விடும், நீங்கள் நினைவு வைத்துக் குறிக்கும்வரை. கண்காணிப்புக்கோ முடக்கத்துக்கோ பயந்து விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு இது நேர்மாறு. அவர்களுக்கு `Exclude` பட்டியலே பாதுகாப்பு, ஏனென்றால் மறந்து விடுபட்ட செயலியும் டனலுக்குள்ளேதான் இருக்கும்.

வெளியே விட்ட செயலியின் பெயர்த் தேடல், அதாவது டிஎன்எஸ் கேள்விகளும் டனலுக்கு வெளியேதான் போகின்றன. அந்தச் செயலி எந்தத் தளத்தைத் தேடுகிறது என்பது உங்கள் தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியக்கூடும். விலக்கும்போது இதை ஏற்றுக்கொண்டுதான் விலக்குகிறோம்.

அறிகுறி: “விலக்கினேன், ஆனாலும் ஐபி வெளிநாட்டையே காட்டுகிறது”

பெரும்பாலானோர் சோதிக்கும் விதத்திலேயே பிழை இருக்கிறது. வங்கிச் செயலியை விலக்குவார்கள், பிறகு குரோமைத் திறந்து ஐபி காட்டும் தளம் ஒன்றைப் பார்ப்பார்கள். அது ஜெர்மனி என்று காட்டும். குரோம் உள்ளேதான் இருக்கிறது, ஆகவே அது சொன்னது சரி. வங்கிச் செயலியின் பாதையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

சரியான சோதனைக்கு இரண்டு உலாவிகள் வேண்டும். குரோமை உள்ளே விடுங்கள். பயர்பாக்ஸை இறக்கி வெளியே விடுங்கள். இரண்டிலும் இந்த முகவரியைத் திறவுங்கள்:

```
https://www.cloudflare.com/cdn-cgi/trace
```

சில வரிகள் மட்டும் உள்ள பக்கம் வரும். அதில் `loc=` என்ற வரியைப் பாருங்கள். பயர்பாக்ஸில் `loc=LK`, குரோமில் சர்வர் இருக்கும் நாடு, உதாரணமாக `loc=DE` என்று வந்தால் பிரிப்பு வேலை செய்கிறது. இரண்டிலும் ஒரே நாடு வந்தால் பட்டியல் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

அப்படி வராததற்குச் சாதாரணமான காரணம், பட்டியலை மாற்றிய பிறகு டனலை மறுபடி தொடங்காதது. டனல் உருவாகும் அந்தக் கணத்தில்தான் ஆண்ட்ராய்டு பட்டியலை வாங்கிக்கொள்கிறது. டனலை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். பிறகு மாற்றிய செயலியின் `App info` பக்கத்தில் `Force stop` கொடுத்துத் திரும்பத் திறவுங்கள். சில செயலிகள் பழைய இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி: விலக்கிய செயலிக்கு இணையமே இல்லை

விபிஎன்னை நிறுத்தினால் வேலை செய்கிறது, ஓடவிட்டால் விலக்கிய செயலி மட்டும் செத்துக் கிடக்கிறது, டனலுக்குள் இருக்கும் செயலிகள் நன்றாக ஓடுகின்றன. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான். `Settings` இல் `Network & internet`, பிறகு `VPN` போய், உங்கள் விபிஎன்னுக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கர அடையாளத்தைத் தொடுங்கள். சாம்சுங் போனில் `Connections`, பிறகு `More connection settings`, பிறகு `VPN`. அங்கே `Always-on VPN` என்று ஒன்றும், அதன் கீழே `Block connections without VPN` என்று ஒன்றும் இருக்கும். இரண்டாவது போடப்பட்டிருக்கும்.

டனல் வழியாகப் போகாத எதையும் விடாதே என்பது அந்த இரண்டாவது சுவிட்சின் பொருள். விலக்கிய செயலி டனல் வழியாகப் போகாது. ஆகவே அது தடுக்கப்படுகிறது. இது பிழை அல்ல, ஆண்ட்ராய்டு இப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சில விபிஎன் செயலிகள் `Kill switch` என்ற பெயரில் உங்களை இந்தப் பக்கத்துக்கே அழைத்துவந்து சுவிட்சைப் போடச் சொல்கின்றன. போட்டது நினைவில்லாமல் பிறகு செயலிகளை விலக்கப் பார்த்தால் இந்த நிலை வரும்.

இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம். செயலிகளைப் பிரிக்க வேண்டுமென்றால் `Block connections without VPN` நிறுத்தப்பட வேண்டும். `Always-on VPN` மட்டும் இருந்தால் தொல்லை இல்லை, போன் தொடங்கும்போது டனலும் தானாகத் தொடங்கும், அவ்வளவுதான். ஆனால் தடுப்பு நிறுத்தப்பட்ட பிறகு டனல் இடையில் விழுந்தால், உள்ளே இருந்த செயலிகள் சாதாரண இணையத்துக்கு வந்துவிடும். அலுவலக சர்வர் டனல் வழியாக மட்டும் எட்டக்கூடியது என்றால் கவலை இல்லை, செயலி இணைப்பு இல்லை என்று சொல்லிவிட்டு நிற்கும். உங்கள் இருப்பிடத்தை மறைக்கத்தான் விபிஎன் என்றால் தடுப்பை வைத்துக்கொண்டு பிரிப்பைக் கைவிடுங்கள்.

அறிகுறி: செயலி திறக்கிறது, பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் நிற்கிறது

இதுதான் பலரைச் சுற்றவைப்பது. கொக்குவிலில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள் ஜெர்மனியில் உள்ள ஒரு கணக்கு அலுவலகத்துக்கு வேலை செய்கிறார். அலுவலகம் வயர்கார்ட் டனல் கொடுத்திருக்கிறது. குரோம், அவுட்லுக், டீம்ஸ் மூன்றும் உள்ளே போக வேண்டும், மற்றதெல்லாம் வெளியே. `Include only` பக்கத்தில் மூன்றையும் குறித்து வைத்திருந்தார். வங்கிச் செயலி திறந்தது, மிச்சத் தொகையும் தெரிந்தது. மின்கட்டணம் கட்டப் போனால் ஒரு பக்கம் திறந்து, வெளிநாட்டிலிருந்து வரும் கோரிக்கை என்று சொல்லி மறுத்துவிட்டது.

“தம்பி, பாங்க் அப் லிஸ்டிலயே இல்லை. பிறகு எப்பிடி இது ஜெர்மனி எண்டு சொல்லுது?” என்று கேட்டார்.

“அக்கா, அந்தப் பக்கம் திறக்கேக்க மேல இடப்பக்கம் பெருக்கல் அடையாளம் ஒண்டு வருதோ? வலப்பக்கம் மூண்டு புள்ளியைத் தொட்டுப் பாருங்கோ.”

தொட்டுப் பார்த்தார். பட்டியலின் அடியில் `Running in Chrome` என்று இருந்தது.

வங்கிச் செயலிக்குள் திறந்ததுபோலத் தெரிந்த அந்தப் பக்கத்தை உண்மையில் திறந்தது குரோம். செயலிகள் இணையப் பக்கத்தைக் காட்ட இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றில் செயலியே தனக்குள் பக்கத்தை வரைகிறது. இது வெப்வியூ. இணைப்பைத் திறப்பது செயலிதான், ஆகவே செயலியின் பாதையிலேயே போகும். மற்றதில் செயலி உலாவியைக் கூப்பிட்டு, தன் நிறத்தில் ஒரு மேற்பட்டையை மட்டும் போட்டுக்கொள்கிறது. இது கஸ்டம் டேப். இணைப்பைத் திறப்பது உலாவி. அக்காவின் போனில் குரோம் டனலுக்குள் இருந்தது. மிச்சத் தொகை கேட்டபோது வங்கியின் சர்வர் கண்டது இலங்கை முகவரியை. கட்டணப் பக்கம் கேட்டபோது கண்டது ஜெர்மனி முகவரியை. ஒரே ஆள் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு நாட்டிலிருந்து வந்தால் எந்த வங்கியும் சந்தேகப்படும்.

திருத்தம் எளிது. கஸ்டம் டேப் பொதுவாக போனின் இயல்பு உலாவியையே எடுத்துக்கொள்ளும். பயர்பாக்ஸை நிறுவி, `Settings` இல் `Apps`, `Default apps`, `Browser app` என்று போய் அதை இயல்பு உலாவியாக்கினோம். பட்டியலில் குறிக்காததால் பயர்பாக்ஸ் வெளியே நிற்கிறது. குரோம் அலுவலகத்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. வங்கிச் செயலியை `Force stop` செய்து திறந்ததும் கட்டணப் பக்கம் பயர்பாக்ஸில் திறந்தது, பணமும் போனது.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அலுவலக மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொட்டால் அதுவும் இனி பயர்பாக்ஸில், டனலுக்கு வெளியே திறக்கும். அலுவலகத்தின் உள்தளம் என்றால் திறக்காது. அக்கா அந்த இணைப்புகளை நகலெடுத்துக் குரோமில் ஒட்டுகிறார். இரண்டு உலகத்தையும் ஒரே போனில் வைத்திருப்பதற்கு இந்தச் சிறு சிரமம் பரவாயில்லை என்றே நினைக்கிறேன். தவிர, சில செயலிகள் இயல்பு உலாவியைப் பார்க்காமல் குரோமையே பெயர் சொல்லிக் கூப்பிடும்படி எழுதப்பட்டிருக்கும். அப்படியானால் மாற்றிச் செய்ய வேண்டியதுதான்: குரோமை வெளியே எடுத்துவிட்டு, அலுவலக வேலையைப் பயர்பாக்ஸுக்கு மாற்றி அதை உள்ளே சேர்ப்பது.

அறிகுறி: “விபிஎன்னை நிறுத்துங்கள்” என்று செயலி சொல்கிறது

இது முன்னையதுபோலத் தெரிந்தாலும் வேறு விஷயம். முன்னையதில் சர்வர் உங்கள் ஐபி முகவரியைப் பார்த்து மறுத்தது. இங்கே செயலி போனுக்குள்ளேயே பார்க்கிறது. டனல் ஓடும்போது போனில் `tun0` போன்ற ஒரு வலைப்பின்னல் இடைமுகம் உருவாகிறது. சில செயலிகள் அது இருக்கிறதா என்று தேடும். தாங்கள் அதன் வழியாகப் போகிறோமா இல்லையா என்பது அவற்றுக்கு முக்கியமில்லை, போனில் விபிஎன் இருந்தாலே மறுத்துவிடும்.

செயலி திறந்த உடனேயே, கடவுச்சொல் கேட்குமுன் இந்தச் செய்தி வந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். பட்டியலில் எவ்வளவு மாற்றினாலும் இது தீராது. வேலை முடியும்வரை டனலை நிறுத்துவதே நேர்மையான வழி. சிலர் ஷெல்டர் போன்ற செயலியால் போனுக்குள் தனியாக நிற்கும் ஒரு வேலைச் சுயவிவரம் உருவாக்கி வங்கிச் செயலியை அதற்குள் போடுகிறார்கள். ஒரு சுயவிவரத்தின் விபிஎன் மற்றதற்குப் பொருந்தாது என்பதால் சில செயலிகள் இதில் அமைதியாகிவிடும். ஆனால் இடைமுகத்தையே தேடும் செயலிக்கு அதுவும் கண்ணில் படலாம், ஆகவே இதை நம்பி நேரம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

அறிகுறி: யூடியூப் பக்கேஜ் இருந்தும் பொது டேட்டா குறைகிறது

டனலுக்குள் போகும் எல்லாமே தொலைபேசி நிறுவனத்துக்கு ஒரே சர்வருக்குப் போகும் பூட்டிய பொட்டலங்களாகத்தான் தெரியும். அதில் எது யூடியூப், எது வாட்ஸ்அப் என்று பிரிக்க அவர்களால் முடியாது. ஆகவே எல்லாம் பொது டேட்டாவில் கழிகிறது, பக்கேஜ் தொடப்படாமல் காலாவதியாகிறது. ரீலோட் போட்டுச் சமூக வலைத்தளப் பக்கேஜ் வாங்குகிறவர்கள் வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் மூன்றையும் வெளியே விட்டால் போதும்.

விட்ட பிறகும் பொது டேட்டா குறைந்தால், காணொளி எதில் ஓடியது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த யூடியூப் இணைப்பு உலாவியில் திறந்து ஓடினால் அது உலாவியின் பாதை. உலாவி டனலுக்குள் இருந்தால் பொது டேட்டாதான் கழியும். சோதிக்க, நிறுவனத்தின் செயலியில் இரண்டு மீதிகளையும் குறித்துவைத்து, யூடியூப் செயலியிலேயே ஒரு பத்து நிமிடக் காணொளியைப் பாருங்கள். மீதி புதுப்பிக்கப்படச் சற்று நேரம் எடுக்கலாம், உடனே முடிவு கட்ட வேண்டாம்.

அறிகுறி: விலக்கிய செயலி ஓடுகிறது, அறிவிப்புகள் மட்டும் வருவதில்லை

வாட்ஸ்அப்பைத் திறந்தால் செய்திகள் கொட்டுகின்றன, மூடியிருக்கும்போது சத்தமே இல்லை. `Exclude` பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இது வரும். பெரும்பாலான செயலிகளின் அறிவிப்பைப் போனுக்குக் கொண்டுவருவது கூகுள் பிளே சேர்விசஸ். அது விலக்கப்படாததால் டனலுக்குள் இருக்கிறது. டனலின் மறுமுனை செத்திருந்தால் அறிவிப்பும் வராது.

வயர்கார்டில் மறுமுனை செத்தாலும் மேலே சாவி அடையாளம் அப்படியே நிற்கும், அதை நம்பக் கூடாது. டனலின் பெயரைத் தொட்டு `Transfer` வரியைப் பாருங்கள். அனுப்பியதைக் காட்டும் `tx` ஏறிக்கொண்டே இருக்க, வாங்கியதைக் காட்டும் `rx` அசையாமல் நின்றால் சர்வரிலிருந்து பதில் இல்லை. சந்தா முடிந்திருக்கலாம், சர்வர் நின்றிருக்கலாம். திருத்த வேண்டியது சர்வரை. பிளே சேர்விசஸை விலக்கும் யோசனை வரும், ஆனால் அதே யூஐடியைப் பகிரும் கூகுளின் வேறு கூறுகளும் சேர்ந்து வெளியே போகும். ஒன்றை மட்டும் பிரிக்க முடியாது.

சந்தேகம் தீராவிட்டால்

போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவியான ஏடிபி கணினியில் இருந்தால் ஆண்ட்ராய்டிடமே கேட்கலாம். முதல் கட்டளை செயலியின் யூஐடியைச் சொல்லும். இரண்டாவது, விபிஎன் எந்த எண்களுக்குப் பொருந்துகிறது என்று காட்டும்:

```
adb shell pm list packages -U com.whatsapp
adb shell "dumpsys connectivity | grep VPN"
```

இரண்டாவதன் நீண்ட வெளியீட்டில் `Uids:` என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் எண் வரம்புகள் இருக்கும். முதல் கட்டளை தந்த எண் அந்த வரம்புகளுக்குள் விழுந்தால் செயலி டனலுக்குள் இருக்கிறது. விழாவிட்டால் வெளியே. இதற்கு மேல் வாதமில்லை.

அறிகுறி: முடக்கம் வந்ததும் வாட்ஸ்அப் நின்றுவிட்டது

பக்கேஜுக்காக வாட்ஸ்அப்பை வெளியே விட்டவர்களுக்கு, 2022 ஏப்ரலில் நடந்ததுபோல முடக்கம் வரும் நாளில் அந்த விலக்கே எதிராகிறது. டனல் ஓடும், ஆனால் வாட்ஸ்அப் வெளியே நிற்பதால் முடக்கத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த அவசரத்தில் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே இரண்டு டனல்களை வைத்துக்கொள்ளலாம். அமைப்புக் கோப்பை இரண்டு பெயரில் சேமியுங்கள். அன்றாடத்துக்கான கோப்பின் `[Interface]` பகுதியில் மட்டும் இந்த வரி இருக்கட்டும்:

```
ExcludedApplications = com.whatsapp, com.google.android.youtube
```

மற்றதில் அந்த வரியே வேண்டாம். இரண்டிலும் ஒரே சாவி இருக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். பெயர்களை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். போனில் நிறுவப்படாத செயலியின் பெயர் வரியில் இருந்தால் ஆண்ட்ராய்டு அதை ஏற்காது, டனல் தொடங்காமலே போகலாம். பழைய போனிலிருந்து கோப்பைக் கொண்டுவருகிறவர்களுக்கு இது வரும். வயர்கார்டின் விரைவுச் சுவிட்ச் கடைசியாகப் பயன்படுத்திய டனலைத்தான் தொடங்கும். முடக்கம் நீங்கியபின் செயலியைத் திறந்து அன்றாட டனலை ஒருமுறை கையால் தொடங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் யூடியூப் மறுபடி பொது டேட்டாவில் ஓடும்.